அடித்துவிட்ட 160 வோல்ட்

நேற்று ராத்திரி என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். பிளஸ் டூ மாதிரித் தேர்வு இயற்பியல் தாள், பக்கத்தில் அவள் எழுதிய விடைத்தாள். தொடர் சுற்று ஒன்று வரைந்திருந்தது. மின்தடையாக்கி, கம்பிச்சுருள், மின்தேக்கி மூன்றும் வரிசையாக, கீழே மாறுதிசை மூலத்துக்கான அலைக்குறி போட்ட வட்டம். கம்பிச்சுருளின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் கேட்ட இடத்தில் முதலில் 160 V என்று எழுதி, அதன் மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 53.3 V என்று எழுதியிருந்தாள். அடித்ததுதான் சரியான விடை. அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் பல வருடமாக டியூஷன் எடுக்கிறேன். கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் வருவார்கள், வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போகிறவர்களும் வருவார்கள். பாடப்புத்தகம் எதுவானாலும் இந்த ஒரு கணக்கில் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கணக்கு இது. மூலம் `v = 141.4 sin 1000t`. R = 30 ஓம், L = 0.08 ஹென்றி, C = 25 மைக்ரோபாரட். போட்டோவில் விரல் நிழல் விழுந்து 'μ' எனக்கு 'm' போலத் தெரிந்தது. மில்லி என்று வைத்துப் போட்டால் மின்தேக்கியின் மின்மறுப்பு 0.04 ஓம் வருகிறது. 30 ஓம், 80 ஓம் பக்கத்தில் 0.04 ஓமை வைத்து யாரும் கேள்வி தயாரிக்க மாட்டார்கள். மங்கலான போட்டோவைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள், ஒரு மதிப்பு இப்படித் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் முதலில் அலகைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, `1000t` என்பதில் இருப்பது கோண அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்று எடுத்து 2π-ஆல் திரும்பப் பெருக்குகிற பிள்ளைகள் உண்டு. இந்தப் பெண் அதில் தவறவில்லை.

சுருளின் மின்மறுப்பு 1000 × 0.08 = 80 ஓம். மின்தேக்கியின் மின்மறுப்பு 1/(1000 × 0.000025) = 40 ஓம். இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பவை, அதனால் மிச்சம் 40. அதோடு 30 ஓம் செங்குத்தாகச் சேர்ந்து வரும் மொத்தம்தான் மின்னெதிர்ப்பு Z.

`Z = √(30² + 40²) = 50 Ω`

141.4 உச்ச மதிப்பு, அதை 1.414-ஆல் வகுத்தால் வரும் ஆர்.எம்.எஸ். மதிப்பு 100 வோல்ட். ஆகவே மின்னோட்டம் 2 ஆம்பியர். மின்தடையாக்கியில் 60 வோல்ட், சுருளில் 160 வோல்ட், மின்தேக்கியில் 80 வோல்ட். அவளும் முதலில் இதையெல்லாம் இப்படியேதான் எழுதியிருந்தாள்.

போன் போட்டேன். "எதுக்கு கண்ணு அடிச்சே?"

"சார், சப்ளையே நூறுதானே. நூத்தி அறுபது எங்கிருந்து சார் வரும்?"

எவ்வளவு நல்ல கேள்வி! மூன்றையும் கூட்டினால் 300 வருகிறது, கொடுத்ததோ 100. ஏதோ தப்பு என்று பயந்து, மூன்று ஓம்களையும் நேராகக் கூட்டி 150 ஓம் என்று வைத்து, மின்னோட்டத்தை 0.67 ஆம்பியராக மாற்றியிருக்கிறாள். இப்போது மின்னழுத்தங்கள் 20, 53.3, 26.7. கூட்டிப் பார்த்தாள், கச்சிதமாக 100. அந்தக் கச்சிதம்தான் அவளை ஏமாற்றியது. தப்பான வழி தன்னைத் தானே சரிபார்த்து 'சரி' என்று சொல்லிவிட்டது. பேட்டரிச் சுற்றில் பத்தாம் வகுப்பிலிருந்து பழகிய சோதனை அது, அதை நம்பியதற்காக அவளை எப்படிக் குறை சொல்வேன்?

நம் கலைச்சொற்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். மின்தடை, மின்மறுப்பு, மின்னெதிர்ப்பு. தடுப்பது, மறுப்பது, எதிர்ப்பது எல்லாம் காதுக்கு ஒன்றுதான். மூன்றுக்கும் அலகும் ஓம்தான். ஒரே ஜாதிப் பொருள் என்று பிள்ளை கூட்டிவிடுகிறது. நான் வகுப்பில் மின்மறுப்பு என்று சொல்லும்போதெல்லாம் கூடவே 'கால் சுற்று முன்னே பின்னே தள்ளுவது' என்று சொல்லிப் பழக்கியிருக்கிறேன். சுருளில் மின்னழுத்தம் மின்னோட்டத்துக்குக் கால் சுற்று முந்தும், மின்தேக்கியில் கால் சுற்று பிந்தும். அப்படியானால் அந்த இரண்டு மின்னழுத்தங்களுக்கும் நடுவே அரைச் சுற்று. ஒன்று மேலே உச்சியில் இருக்கும்போது மற்றது கீழே அடியில்.

அவளுக்குச் சூத்திரம் எதுவும் சொல்லவில்லை. ஒரு நொடியைப் பிடித்து நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். தொடர் சுற்று என்பதால் மூன்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். அது சுழியத்தைத் தாண்டி மேலே ஏறும் கணத்தை எடுத்துக்கொள்வோம். மின்தடையாக்கியில் அப்போது 0 வோல்ட். சுருளில் உச்ச மதிப்பு, அதாவது 160-ஐ 1.414-ஆல் பெருக்கி 226 வோல்ட். மின்தேக்கியில் அதே கணம் எதிர்த்திசையில் 113 வோல்ட். கூட்டினால் 226 − 113 = 113. மூலம் அந்தக் கணத்தில் என்ன தருகிறது? மின்னோட்டம் மூலத்துக்கு 53.1 டிகிரி பிந்தி வருகிறது, ஆகவே 141.4 × sin 53.1° = 113. பொருந்திவிட்டது.

கால் சுற்று கழித்துப் பாருங்கள். மின்னோட்டம் உச்சத்தில். சுருளிலும் மின்தேக்கியிலும் சுழியம். மின்தடையாக்கியில் மட்டும் 85 வோல்ட். மூலமும் அந்தக் கணத்தில் 85-ல்தான் இருக்கிறது. எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் கூட்டல் பொருந்தும், கிர்க்காஃபின் மின்னழுத்த விதி எங்கேயும் பொய்க்கவில்லை. 60, 160, 80 மட்டும் ஏன் கூடவில்லை என்றால், அவை ஒரே கணத்தின் அளவுகள் அல்ல. வெவ்வேறு நேரத்தில் உச்சத்துக்கு வரும் மூன்று அலைகளின் ஆர்.எம்.எஸ். அளவுகள். அவற்றுக்குரிய சோதனை வேறு: 160 − 80 = 80, அதோடு 60-ஐ வர்க்கமாகச் சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் 100.

"அப்போ அந்தக் கூடுதல் வோல்ட்டுக்கு கரண்டு பில் யார் சார் கட்டறது?" என்று கேட்டாள். அதையும் போட்டுப் பார்த்தோம். மின்தடையாக்கியில் செலவாகும் திறன் 2² × 30 = 120 வாட். மூலம் தருவது 100 × 2 × cos 53.1°, அதுவும் 120 வாட். சுருளும் மின்தேக்கியும் ஒரு அலைச் சுற்றில் வாங்கியதை அதே அலைச் சுற்றில் திருப்பித் தந்துவிடுகின்றன. அந்த 160 வோல்ட் அவை இரண்டும் தங்களுக்குள்ளும் மூலத்தோடும் கைமாற்றிக்கொள்ளும் ஆற்றலால் நிற்பது.

இங்கேதான் கேள்வித்தாள் தயாரிப்பவர்களோடு எனக்கு வழக்கு. இந்தத் தாளில் அந்த உட்கேள்வி இருந்தது, சந்தோஷம். நான் பார்க்கும் பெரும்பாலான தாள்களில் மின்னெதிர்ப்பு என்ன, மின்னோட்டம் என்ன, இரண்டு மின்மறுப்பும் சமமாகும் ஒத்ததிர்வு அதிர்வெண் என்ன என்று மூன்று சூத்திரத்தில் எண்ணைப் போடச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு உறுப்பின் மின்னழுத்தத்தையும் கேட்காமல் விட்டால், தடுக்கி விழும் இடம் பிள்ளைக்கே தெரியாமல் போகிறது. முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு, மனதுக்குள் பேட்டரிச் சுற்றோடே பிள்ளை கல்லூரிக்குப் போகிறது.

அந்தக் கூடுதல் மின்னழுத்தம் இல்லாவிட்டால் ரேடியோவில் ஒத்ததிர்வால் பயனே இல்லை. எங்கள் வீட்டுப் பழைய ரேடியோவில் திருச்சூரும் கேட்கும், கோயம்புத்தூரும் கேட்கும். திருச்சூர் 630 கிலோஹெர்ட்ஸ், கோவை 999. அப்பா காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குமிழைத் திருப்புவார். உள்ளே சுருள் மாறாது. மாறுவது தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கேங் கண்டென்சர் மட்டும். அதிர்வெண் 1.59 மடங்கு கூட வேண்டுமென்றால் மின்தேக்குத்திறன் அதன் வர்க்கத்தில், சுமார் இரண்டரை மடங்கு, குறைய வேண்டும். 254 மைக்ரோஹென்றிச் சுருள் என்று வைத்தால் கோவைக்கு 100 பிகோபாரட், திருச்சூருக்கு 251. எல்லையில் இருந்த நாங்கள் இரண்டு ஊரையும் கேட்டது அந்தத் தகடுகளின் நகர்வில்.

அலை அந்தச் சுருளுக்குள்ளேயே ஒரு சின்ன மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது, மூலம் தொடரில் இருப்பது போலத்தான். மின்தேக்கியின் குறுக்கே எடுக்கும்போது அது பல மடங்காக வருகிறது. ஒத்ததிர்வில் எத்தனை மடங்கு பெருகும் என்று சொல்லும் தரக்காரணி 100 என்றால் 1 மில்லிவோல்ட் 100 மில்லிவோல்ட் ஆகும். வேறு நிலையத்தின் அலைக்கு அந்தப் பெருக்கம் கிடைக்காது, அதனால் அது அமுங்கிவிடும். 'கொடுத்ததைவிடக் கூட எப்படி வரும்' என்று அந்தப் பெண் அடித்துவிட்ட விஷயம்தான் ரேடியோவைப் பேச வைக்கிறது.

நம் கணக்கிலும் கடைசி உட்கேள்வி ஒத்ததிர்வுதான். `ω₀ = 1/√(LC)` = 707 ரேடியன்/நொடி, அதாவது 112.5 ஹெர்ட்ஸ். இரண்டு மின்மறுப்பும் 56.6 ஓம். மின்னெதிர்ப்பு வெறும் 30, மின்னோட்டம் 3.33 ஆம்பியர். இங்கே நிறையப் பேர் 'ஒத்ததிர்வில் சுருளிலும் மின்தேக்கியிலும் மின்னழுத்தம் சுழியம்' என்று எழுதுகிறார்கள். இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் சுழியம். தனித்தனியே அளந்தால் ஒவ்வொன்றிலும் 189 வோல்ட். எல்லாச் சுற்றிலும் இப்படிப் பெருகாது என்பதையும் சொல்லித் தர வேண்டும். R 100 ஓமாக இருந்தால் ஒத்ததிர்விலும் அவற்றில் 57 வோல்ட்தான். R 56.6 ஓமுக்குக் குறைவாக இருக்கும்வரைதான் பெருக்கம். நிஜச் சுருளில் கம்பியின் மின்தடையும் கூட இருக்கும், அதையும் R-ல் சேர்த்தாக வேண்டும்.

போனை வைக்கும் முன் அவளிடம் ஒரு கேள்வி போட்டேன். இந்தச் சுற்றை நிஜமாகவே கட்டுகிறாய், மூலம் 100 வோல்ட், கடையில் 250 வோல்ட் என்று அச்சடித்த மின்தேக்கி இருக்கிறது, அந்த 250 தாங்கக்கூடிய உச்ச அளவு. வாங்கலாமா?

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, பேனா கிறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நூத்தி எண்பத்தொன்பதை ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணு நாலால பெருக்கினா இருநூத்தி அறுபத்தேழு வருது சார். அது வெடிச்சிரும். நானூறு வோல்ட்ல இருக்கா?"