ஃபாண்டை மாற்றினால் தீராது

"கேம்ல தமிழ் உடைஞ்சு வந்தா ஃபாண்ட் மட்டம். வேற ஃபாண்ட் போட்டா சரியாகிடும்."

அண்ணே, நீங்கள் இப்படிச் சொல்கிறீர்கள், ஆனால் இங்கே கோளாறு ஃபாண்டில் இல்லை. இங்கே போட்ட கேம் ஸ்கிரீன்ஷாட்டில் பேச்சிப்பாறையின் ஏகாரக் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் நிற்கிறது, குளச்சலின் 'கு' இரண்டு துண்டாகக் கிடக்கிறது. கொம்பை முன்னால் நகர்த்துவதும் 'கு'வை ஒரே வடிவமாக்குவதும் ஷேப்பிங் வேலை. அந்தக் கேமின் எஞ்சின் அதைச் செய்யாமல் எழுத்துக் குறிகளை வந்த வரிசையிலேயே வரைகிறது.

எழுத்து வடிவங்களை யூனிகோடு எண்படி முன்கூட்டியே படமாக அடுக்கி வைக்கும் அட்லஸில், தமிழுக்கான 0B80–0BFF எண்கள் முழுவதையும் சேர்க்கச் சொன்ன தம்பி பாதி சரி. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருவது அதில் நிற்கும். ஆனால் 'கு' வடிவத்துக்குத் தனி யூனிகோடு எண் கிடையாது, அதனால் அது அட்லஸில் ஏறாது.

சோதிக்க, அதே ஃபாண்டை நோட்பேடில் வைத்து அதே வரியை ஒட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக வந்தால் ஃபாண்ட் நல்ல ஃபாண்ட்தான். ஷேப்பிங் செய்யும் ஹார்ஃப்பஸ் உள்ள கோடோ 4 கேம் எஞ்சினிலும் போட்டுப் பாருங்கள்.