புதன்கிழமை மூன்றாம் பீரியட்

பிளஸ் டூவும் பிளஸ் ஒன் ஏயும் ஒரே பீரியடில் லேப் வாசலில் வந்து நின்றது எல்லோருக்கும் தெரியும். ஆனால் “டைம்டேபிளை எக்செல்லில் போட்டால் இப்படித்தான்” என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நான் கொடுத்த ஃபைலில் மோதல் இல்லை. வியாழக்கிழமை இருந்த பிளஸ் ஒன் ஏ பிராக்டிகலை, சுவரில் ஒட்டிய தாளில் பேனாவால் அடித்துப் புதனுக்கு மாற்றியது நானில்லை.

வாரத்துக்கு 40 பீரியட், அதற்கு 40 வரிசை. 12 வகுப்புக்கு 12 பத்தி. கட்டத்துக்குள் ஆசிரியரின் குறியீடு. ஒரு வகுப்புக்கு ஒரு பீரியடில் ஒரே கட்டம்தான் என்பதால் அங்கே இரண்டு பேர் போய் நிற்க வழியில்லை. ஒரே ஆசிரியர் ஒரே வரிசையில் இரண்டு முறை வந்தால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் சிவப்பாக்கிவிடும்:

```
=AND(B2<>"",COUNTIF($B2:$M2,B2)>1)
```

ஆனால் லேப் இதில் தெரியாது. புதன்கிழமை பிளஸ் டூவுக்கு இய1, பிளஸ் ஒன்னுக்கு இய2. ஆள் வேறு, அதனால் சிவப்பு வராது. லேப் ஒன்றுதானே? அதற்காகத்தான் ‘அறை’ என்று இன்னொரு ஷீட். அதே 40 வரிசை, அதே ஃபார்முலா, கட்டத்தில் லேப், கிரவுண்ட் மட்டும். அங்கே மாற்றியிருந்தால் இரண்டு கட்டமும் அப்போதே சிவந்திருக்கும். மாற்ற வேண்டுமா, ஃபைலில் மாற்றுங்கள்.

இந்த ஷீட் சும்மா வரவில்லை. முதல் வருடம் எனக்கே தோன்றவில்லை. இரண்டு வகுப்பு கம்ப்யூட்டர் லேபுக்கு வந்துவிட, என் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். அன்று இரவே சேர்த்தது.

“அவசரத்துக்கு யார் கம்ப்யூட்டரைத் திறப்பது?” என்பீர்கள். ஒரு நிமிஷ வேலை. லேப் வாசலில் பிள்ளைகள் நின்றது அதைவிட அதிக நேரம்.

“எக்செல்லும் தப்பு விடுமே?” விடும். ஒருமுறை ‘கணி1’க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு ஒன்று, ஃபார்முலாவுக்கு வேறு ஆள். மோதல் இருந்தும் சிவப்பு வரவில்லை. அதிலிருந்து யாரும் டைப் செய்யக் கூடாதென்று டிராப்-டவுன் வைத்துவிட்டேன். இரண்டு செக்‌ஷனுக்குச் சேர்த்து பி.டி. போட்டால் வீணாகச் சிவக்கும், அது உண்மை.

அப்புறம், எக்செல் தானாக டைம்டேபிள் போடாது. மோதலைக் காட்டும், அவ்வளவுதான். அடுத்தடுத்த இரண்டு பீரியட் கேட்கும் பிராக்டிகலை முதலில் வைத்து, காலையில் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியரை அடுத்து வைத்து, மிச்சத்தை நிரப்பியது நான். மே மாத லீவில், வீட்டில் உட்கார்ந்து. அப்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு கோடு கிழித்துக் கெடுத்ததும் என் பெயர் மட்டும் ஞாபகம் வந்துவிட்டது.

நேற்று மாலை சுவரில் புதுத் தாள் ஒட்டிவிட்டேன். பிளஸ் ஒன் ஏ பிராக்டிகல் வியாழக்கிழமைதான்.