கடிதம் தபாலில் போனால் ஏற்றவர் பின்வாங்கவே முடியாதா?

சட்ட மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குறிப்பு: “ஏற்புக் கடிதத்தைத் தபாலில் போட்டதுமே ஒப்பந்தம் முடிந்தது. அதன்பின் இருவருமே பின்வாங்க முடியாது.”

இது பாதிதான் சரி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 4, 5-ஆம் பிரிவுகளின்படி, கடிதம் போட்டதும் முன்மொழிந்தவர்தான் கட்டுப்படுகிறார். ஏற்றவர் கட்டுப்படுவது, கடிதம் முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போது. இருவரையும் ஒரே நேரத்தில் கட்டுவது இங்கிலாந்தின் தபால் விதி. பழைய நோட்ஸில் இரண்டும் கலந்துவிட்டன போலும்.

தேர்வில் இப்படி வரும்: ரவி தன் பைக்கை 40,000 ரூபாய்க்குத் தருவதாகக் கடிதம் எழுதுகிறார். மாலா 3-ஆம் தேதி ஏற்புக் கடிதம் போடுகிறார். 5-ஆம் தேதி போனில் “வேண்டாம்” என்கிறார். கடிதம் 6-ஆம் தேதி சேர்கிறது.

முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்: மாலாவின் விலகல் செல்லுமா? அப்புறம் பிரிவு, அதன்பின் தேதிகள். ரவி 3-ஆம் தேதியே கட்டுப்பட்டார். மாலாவுக்கு 6 வரை அவகாசம். போன் 5-லேயே வந்தது. ஆகவே ஒப்பந்தம் இல்லை. பைக்கும் பணமும்தான் மறுபயன், அதாவது ஒருவருக்கொருவர் ஈடாகத் தருவது. அதில் சர்ச்சை இல்லாததால் ஒரு வரி போதும். நிறையப் பேர் அதற்கே ஒரு பக்கம் செலவழிக்கிறார்கள்!

ஏற்பே போனில் சொல்லப்பட்டால், கடிதம் போட்டதுமே முன்மொழிந்தவர் கட்டுப்படும் இந்த விதி பொருந்தாது (பகவான்தாஸ் கேடியா வழக்கு, உச்ச நீதிமன்றம், 1966).

இந்தியா கோட் தளத்தில் 4-ஆம் பிரிவை அதன் உதாரணங்களோடு படித்துப் பாருங்கள். அந்தக் குறிப்பை இனி யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.