சம்பந்தியம்மா உள்ளே வரும்போது அந்தப் பாட்டா?

அந்த நிச்சயதார்த்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்துச் சிரித்து முடித்திருப்பீர்கள். மாப்பிள்ளையின் அம்மா சீர்த்தட்டோடு மண்டபத்துக்குள் கால் வைக்கிறார், ஸ்பீக்கரில் மாமியாரைக் கிண்டலடிக்கும் பாட்டு. கீழே நூறு பேர் "டிஜே மாஸ்" என்று போட்டிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா டிஜே மேசைக்கு ஓடியதை ஒருத்தராவது கவனித்தீர்களா?

கேலி செய்ய உறவு வேணும். தட்டு மாற்றும்வரை அந்த உறவே இல்லை. இதைத்தான் நேற்றும் சொன்னேன், 'பூமர்' பட்டம் கிடைத்தது. நன்றி.

"நம்ம பாட்டிங்களே சம்பந்தியை ஏசிப் பாடினாங்களே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பாடினார்கள், யார் இல்லை என்றது? ஆனால் எப்போது? நலங்கில். அதற்குள் இரண்டு வீடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியிருக்கும். இவர்கள் அவர்கள் வீட்டுக் காப்பியை ஏசினால், அந்தப் பக்கத்து அத்தை இவர்கள் பட்சணத்தை ஏசிப் பதில் பாடுவார். ஸ்பீக்கருக்கு யார் பதில் பாடுவது? தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தம்மா பாடியிருக்கணுமா?

'பாசமலர்' (1961) படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய 'வாராயென் தோழி'யிலும் கேலி உண்டு. ஆனால் கேலி செய்வது மணப்பெண்ணின் தோழிகள். வந்த விருந்தாளியை யாரும் சீண்டவில்லை.

என் தங்கை நிச்சயத்துக்கு டிஜேவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர்கள் வந்து இறங்கும்போது நாதஸ்வரம், தவில், அவ்வளவுதான். வார்த்தையே இல்லாததால் யார் மனதும் புண்படாது. லக்னப் பத்திரிகை வாசிக்கும்போது மேளத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார் அப்பா. இரண்டு வீட்டுத் தாத்தா பேரும் சபையில் எல்லார் காதிலும் விழணும் இல்லையா? தட்டு மாற்றினதும் கெட்டிமேளம். அவர்கள் கொடுத்த நிச்சயப் புடவையைக் கட்டிக்கொண்டு தங்கை திரும்பி வந்தபோது பெரியம்மா 'கௌரி கல்யாணம்' ஆரம்பித்தார். இரண்டாவது அடியை மாப்பிள்ளையின் அத்தை எடுத்துக்கொண்டார், அதுவும் வேறு சுருதியில்! அப்புறம் இரண்டு பக்கமும் விடவே இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்ததே அப்போதுதான். இரண்டு வீட்டுக்கும் தெரிந்த பாட்டு ஒன்று போதும்.

"அப்போ சினிமாப் பாட்டே கூடாதா?" போடுங்கள், தாராளமாக ஆடுங்கள். தட்டு மாற்றி, பெரியவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்த பிறகு விடிய விடிய ஆடுங்கள். டிஜேவும் பாவம்தான், பட்டியலை யாரும் முன்கூட்டிப் பார்த்துக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பூ, மேடை, புகைப்படம் எல்லாவற்றுக்கும் ஆள் போட்ட வீட்டில் பாட்டைக் கேட்டுப் பார்க்க ஒருத்தர் இல்லை.

"அந்தம்மாவே சிரிச்சாங்களே, உங்களுக்கென்ன?" சிரிக்காமல்? முதல் நாள், மண்டப வாசல், எதிரே நாலு கேமரா. பெண்ணைப் பெற்றவர் அத்தனை பேர் முன்னாடி கையெடுத்துக் கும்பிடுகிறார், அதற்கு மேலே சிரிக்கிற பொம்மையை ஒட்டி ரீல்ஸ் போட்டிருக்கிறீர்கள். என் நட்புப் பட்டியலிலேயே பதினோரு பேர் அதைப் பகிர்ந்தீர்கள். யார் யாரென்று பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு நிச்சயத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள்.