கரண்ட் பில்லைப் போட்டுப் பாருங்கள்

“செங்குத்துப் பண்ணையில் எப்போதும் லெட்டூஸ்தானா? நெல் போட்டால் என்ன?”

செங்குத்துப் பண்ணை என்றால் கட்டடத்துக்குள் அடுக்கடுக்காக, விளக்கொளியில் பயிர் வளர்ப்பது. அங்கே நெல்லைத் தடுப்பது கரண்ட் பில். பயிருக்கான ஒளித்துகள்களை மோல் கணக்கில் எண்ணுவார்கள். லெட்டூஸுக்கு ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு 250 மைக்ரோமோல் ஒளியை 16 மணி நேரம் கொடுத்தால், நாளொன்றுக்கு 14.4 மோல். நல்ல எல்.இ.டி. ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 3 மைக்ரோமோல் தரும். அதாவது தினம் சுமார் 1.3 யூனிட், 30 நாளில் 40 யூனிட். மகசூல் 4 கிலோ என்று வையுங்கள். கிலோவுக்கு 10 யூனிட், விளக்குக்கு மட்டும். யூனிட் 8 ரூபாய் என்றால் 80 ரூபாய். ஏசி, ஆள்கூலி, முதலீட்டு வட்டி எல்லாம் அப்புறம்தான்.

அந்த ஒரு கிலோவில் 950 கிராம் தண்ணீர். 50 கிராம் உலர்பொருளுக்குத்தான் 10 யூனிட். ஒரு கிலோ நெல்லில் உலர்பொருளே 860 கிராம் போல இருக்கும், அதே அளவு வைக்கோலையும் வளர்த்தாக வேண்டும். இதே கணக்கில் 300 யூனிட்டைத் தாண்டிவிடும்!

அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் என்ற செங்குத்துப் பண்ணை நிறுவனம் கீரை விற்றே 2023-ல் திவால் மனு கொடுத்தது.

மாடித் தோட்டத்தில் வெயில் இலவசம். அங்கே பார்க்க வேண்டியது எடை. நனைந்த மண் ஒரு அடி ஆழத்துக்குப் பரப்பினாலே சதுர மீட்டருக்கு அரை டன்னைத் தொடும். அதனால்தான் தென்னை நார்க்கழிவு கலக்கிறோம், தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் உத்திரத்தின் மேல் வைக்கிறோம்.