என் பொண்ணு லைப்ரரில உக்காந்திருந்தா, காரணம் ஒரே ஒரு எழுத்து

வியாழக்கிழமை சாயங்காலம் பொண்ணு வீட்டுக்கு வந்தா, ஷூவை கழட்டல, பையை இறக்கல, அப்படியே நின்னுக்கிட்டு "அம்மா, எல்லாரும் வெட்லாண்ட் பார்க் போயிட்டாங்க, நான் மட்டும் லைப்ரரில இருந்தேன்"னு சொன்னா. மூணாங்கிளாஸ் படிக்கிற புள்ள. ஒரு வாரமா முதலை பாக்கப் போறேன்னு சொல்லிட்டு இருந்தவ. எனக்கு வயித்துல இருந்து எரிஞ்சுது. ஏன்னா நான் அதுக்கு காசு கட்டியாச்சு. 65 டாலர், செவ்வாய்க்கிழமை ராத்திரியே கட்டியாச்சு.

ஹாங்காங்ல புள்ளைய கான்டனீஸ் பள்ளியில போட்ட நம்ம ஆளுங்களுக்கு பள்ளிக்கூடம் நோட்டீஸ் அனுப்புற அந்த ஆப்பைப் பத்தி நான் சொல்லணும்னு இல்ல. நோட்டீஸ் வரும், திறந்தா முழுக்க சீனம், அதுவும் எழுத்தா இல்ல, பேப்பர்ல அச்சடிச்சத ஸ்கேன் பண்ணி படமா ஏத்தி வச்சிருப்பாங்க. விரல வச்சு அழுத்தினா ஒரு எழுத்து கூட காப்பி ஆகாது. அதனால ஸ்க்ரீன்ஷாட் எடுக்கணும், அத மொழிபெயர்ப்பு ஆப்ல போடணும், அது என்ன துப்புதோ அத நம்பி புள்ளையோட நாள முடிவு பண்ணணும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரை மணி. அவ தூங்கியாச்சு. ஸ்க்ரீன்ஷாட்ட போட்டேன். முதல் வரியிலயே "விலையுயர்ந்த பிள்ளை"னு வருது. அது 貴子弟. பள்ளிக்கூடம் நம்ம புள்ளைய மரியாதையா சொல்ற வார்த்தையாம், ஆனா 貴ங்கிற எழுத்துக்கு விலை அதிகம்னும் அர்த்தம் இருக்கு. கீழ பதில் சீட்டுல நாம நம்ம புள்ளைய தாழ்த்தி 敝子弟ன்னு சொல்லணும், அது "கிழிந்த பிள்ளை"ன்னு வருது. சரி, கடிதத்துல மரியாதைக்கு எழுதறதுன்னு விட்டுட்டு கீழ போனேன். நடுவுல ஒரு வரி: "அம்மா கட்டணம் செலுத்த வேண்டும்." அவ்வளவு தெளிவா வேற எந்த வரியும் இல்ல. எனக்கு புரிஞ்ச ஒரே வரி அதான். நான் கட்ட வேண்டியது, கட்டிடுவோம்.

கட்டணப் பக்கத்துக்குப் போனேன். அங்க பாக்கின்னு செவப்புல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, 65 டாலர். வேற எதுவும் இல்ல. அப்ப அதுதானேன்னு கட்டிட்டேன். செவப்பு போய் பச்சையாச்சு. நிம்மதியா படுத்தேன்.

வியாழக்கிழமை ராத்திரி எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டி ஸ்க்ரீன்ஷாட்ட காட்டினேன். அவங்க கண்ணாடிய போட்டுட்டு விரலால பெருசாக்கி அந்த வரிய காட்டினாங்க. நோட்டீஸ்ல இருந்தது 毋須繳費. கட்டணம் தேவையில்லன்னு அர்த்தம். பள்ளியே செலவ ஏத்துக்குதாம். மொழிபெயர்ப்பு ஆப் படிச்சது 母須繳費. அம்மா கட்டணும். ரெண்டு எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 母ல உள்ள ரெண்டு புள்ளி இருக்கும், அது அம்மா. 毋ல அந்த ரெண்டு புள்ளிக்குப் பதிலா ஒரு சாய்வு கோடு குறுக்க போகும், அது "கூடாது, வேண்டாம்". ஸ்கேன் பண்ணின மங்கலான பேப்பர்ல, அத மறுபடியும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த படத்துல, அந்தக் கோடும் புள்ளியும் ஒண்ணாத்தான் தெரியும். படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு முன்ன பின்ன வாக்கியத்த வச்சு உடனே புரிஞ்சிடும். ஆப்புக்கு புரியல, எனக்கும் புரியல.

அப்போ நான் கட்டின 65 டாலர்? அது கிளாஸ் போட்டோ. விருப்பம் இருந்தா வாங்கலாம்னு போட்டிருந்த போட்டோ. பார்க்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பார்க்குக்கு வேண்டியது காசு இல்ல, கையெழுத்து. நோட்டீஸோட அடியில 回條ன்னு இருக்கே, பதில் சீட்டு, அங்க 同意 (சம்மதம்), 不同意 (சம்மதம் இல்லை)ன்னு ரெண்டு வட்டம், ஒண்ண தொட்டு அப்புறம் 簽署ன்னு இருக்கிற பட்டனை அழுத்தணும். காசு கட்டறது ஒரு பக்கம், கையெழுத்து இன்னொரு பக்கம், ஒண்ணு பச்சையானா இன்னொண்ணு தானா ஆகாது. நோட்டீஸ் பட்டியல்ல 未簽ன்னு ஓரமா நின்னுட்டு இருந்துச்சு, இன்னும் கையெழுத்து போடலைன்னு. போட்டிருந்தா 已簽ன்னு மாறியிருக்கும். புதன்கிழமையோட கெடு முடிஞ்சிடுச்சு, சம்மதம் இல்லாத புள்ளைய பஸ்ல ஏத்த மாட்டாங்க, அது நியாயம்தான். ஆனா பேர் விடுபட்டிருக்குன்னு புதன்கிழமை மத்தியானம் ஒரு போன் பண்ணியிருந்தா அந்தப் புள்ள லைப்ரரில உக்காந்திருக்காது. டீச்சர்கிட்ட கேட்டா "ஆப்ல போட்டிருந்தோமே மேடம்"ங்கிறாங்க. போட்டிருந்தீங்க. என்னால படிக்க முடியாத படமா போட்டிருந்தீங்க.

ஹோம்ஒர்க் இதைவிட மோசம், அங்க முழு வார்த்தையே இருக்காது. 中默ன்னு ரெண்டே எழுத்து. 中文默書ங்கிறதோட சுருக்கம், சீன டிக்டேஷன். ஆப்புக்கு அது "நடுவில் மௌனம்". போன மாசம் நான் அத பாத்துட்டு ஏதோ தியான வகுப்போன்னு நெனச்சு விட்டுட்டேன், அடுத்த நாள் அவ ஒரு வரி கூட எழுதிப் பழகாம டிக்டேஷனுக்குப் போனா. இப்ப ஹோம்ஒர்க் பக்கத்த அவளே படிச்சு சொல்றா. எட்டு வயசு புள்ள அம்மாவுக்கு படிச்சு சொல்லுது, தெரியாத எழுத்து வந்தா தயங்கி என் முகத்தைப் பாக்குது. அந்தப் பார்வைய தாங்க முடியல எனக்கு.

கோவம் எதுக்கு வருதுன்னா, இதுக்கு வழி இல்லாம இல்ல. சீனம் தாய்மொழி இல்லாத பிள்ளைங்க பத்து பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற பள்ளிக்கு 2014-15 கல்வியாண்டுல இருந்து வருஷத்துக்கு 8 லட்சத்துல இருந்து 15 லட்சம் ஹாங்காங் டாலர் வரைக்கும் அரசு தனியா குடுக்குது. பாடம் சொல்லிக் குடுக்கத்தான் முக்கியமா, ஆனா பெத்தவங்களுக்கு போற நோட்டீஸ மொழிபெயர்க்கவும் அதுல இருந்து செலவு பண்ணலாம். எங்க பள்ளியில எங்க புள்ளைங்க மாதிரி நிறைய பேர் இருக்காங்க. நான் முழு நோட்டீஸையும் மொழிபெயர்த்துக் குடுங்கன்னு கூட கேக்கல. மேல மூணு வரி இங்கிலீஷ்ல போடுங்க. காசு உண்டா இல்லையா, கையெழுத்து வேணுமா, எந்தத் தேதிக்குள்ள. இல்லன்னா குறைஞ்சபட்சம் ஸ்கேன் படத்துக்குப் பதிலா டைப் பண்ணின எழுத்தாவே ஏத்துங்க, அப்போ ஆப் கோட்டையும் புள்ளியையும் குழப்பாது. அந்த நோட்டீஸ கம்ப்யூட்டர்லதானே அடிச்சீங்க? அத பிரிண்ட் எடுத்து, முத்திரை குத்தி, ஸ்கேன் பண்ணி ஏத்தறதுக்கு ஒருத்தருக்கு நேரம் இருக்கு!

அரசு காசுல நடக்கிற மையம் ஒண்ணு இருக்கு, போன் பண்ணா இலவசமா மொழிபெயர்த்து சொல்வாங்கன்னு ஒரு தோழி சொன்னா. ஆசையா பட்டியல பாத்தேன். இந்தி, உருது, பஞ்சாபி, நேபாளி, தாய், வியட்நாமி, இந்தோனேசிய மொழி, தகலாக். எட்டு மொழி. ரெண்டு தடவ மேலயும் கீழயும் தேடினேன். தமிழ் இல்ல. எனக்கு இந்தியும் வராது. போனை வச்சுட்டு போய் அவ பையில இருந்து டிபன் பாக்ஸ எடுத்தேன், பார்க்ல சாப்பிடன்னு காலையில நான் கட்டிக் குடுத்த புளிசாதம், பாதி அப்படியே இருந்துச்சு.