ஸ்டாப் லாஸ் பத்தி ஒரு சின்ன திருத்தம்

"ஸ்டாப் லாஸ் போட்டுட்டா அதுக்கு மேல நஷ்டமே வராதுன்னு ஃபைனான்ஸ் கிளப் தலைவர் வரவேற்புரையிலயே சொல்லிட்டாங்க, தைரியமா சேருங்க"

நானும் அந்த ஹால்ல இருந்தேன் நண்பா, ஸ்டாப் லாஸ் இல்லாம வாங்காதீங்க, முதல்ல ரெண்டு மாசம் நிஜப் பணம் போடாம பேப்பர் ட்ரேடிங் பண்ணுங்கன்னுதான் தலைவர் அக்கா சொன்னாங்க. ஸ்டாப் லாஸ்ங்கறது விலை இவ்வளவு இறங்கினா வித்துடுன்னு முன்னாடியே போட்டு வைக்கிற ஆர்டர்தான், நஷ்டம் அதோட நிக்கும்ங்கறதுக்கு உத்தரவாதம் கிடையாது. ஒரு பங்கை 100 ரூபாய்க்கு வாங்கி, 95க்கு இறங்கினா ஆர்டர் கிளம்பணும்னு ட்ரிகர், 94க்கு கீழ விக்கக்கூடாதுன்னு லிமிட் வச்சிருக்கீங்க, திடீர்னு ஒரு செய்தி வந்து விலை 96ல இருந்து நேரா 92க்கு குதிச்சா ஆர்டர் ட்ரிகர் ஆகும், ஆனா 94 கிடைக்காததால விக்காம அப்படியே நிக்கும், விலை இன்னும் இறங்கிட்டே போகலாம். லிமிட் இல்லாம கிடைக்கிற விலைக்கு விக்கிற மார்க்கெட் ஆர்டரா இருந்தா விக்கும், அதுவும் 92 பக்கம்தான். யார்கிட்டயாவது பழைய ஆர்டர் புக் இருந்தா ட்ரிகர் விலையையும் வித்த சராசரி விலையையும் பக்கத்துல வச்சு பாருங்க, வேகமா விழுந்த நாள்ல வித்தியாசம் நல்லாவே தெரியும்.